எண்ணில்லாத கடிதம்

"வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் கூட்டிக் கேட்டுப் பதில் எழுதிக் கொடு" என்கிறார் நண்பர். சம்பளம், பதவி, காரணம் எதையும் சொல்லவில்லை. இவையின்றி எழுதினால் அது கெஞ்சலாகவே முடியும்.

ஆண்டுக்கு 3,00,000 ரூபாய் என்றால் மாதம் 25,000 கைக்கு வருமென எண்ணுகிறோம். அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, 12,500. வைப்புநிதிக்கு அதில் 12 விழுக்காடு: நம் பங்கு 1,500, நிறுவனப் பங்கு 1,500, பணிக்கொடைக்குச் சுமார் 600. பல நிறுவனங்கள் இம்மூன்றையும் அத்தொகைக்குள்ளேயே அடக்கிவிடுகின்றன. கைக்கு வருவது 21,400தான். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டுக்கு அனுப்பவும் 24,000 வேண்டுமெனில், ஏறத்தாழ 3,36,000 கேட்க வேண்டும்.

ஆயினும் வீட்டுத்தேவை நம் கணக்கு. கடிதத்தில் எழுத வேண்டிய காரணம் அப்பதவிக்குரிய நம் பயிற்சியே. ஆணையைப் படித்துச் சொல்ல வீட்டில் ஆளில்லாத நாம், முதலில் அதைக் கணக்கிடப் பழகுவோம். பிறகு பேனாவை எடுப்போம்.