"பழைய வேலையை ஏன் விட்டீங்க?"

கே.கே. நகரில் இருந்து சான்றிதழ் பையோடு பஸ் ஏறுகிற எல்லோரும் முதல் வேலை தேடுகிறவர்கள் அல்ல. சிலருக்கு வேலை இருந்தது. கம்பெனி செலவைக் குறைத்தது, வேலை போச்சு.

இண்டர்வியூவில் கேட்கிறார்கள்: "பழைய வேலையை ஏன் விட்டீங்க?"

ஒருவர் "சொந்தக் காரணம்" என்று மழுப்புகிறார். இன்னொருவர் பழைய மானேஜரின் வண்டவாளத்தை எல்லாம் எடுத்து விடுகிறார். இரண்டுமே சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

2021 செப்டம்பர் 9-ந் தேதி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக போர்டு கம்பெனி அறிவித்தது. 10 ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கம்பெனியே காரணமும் சொன்னது. மறைமலைநகர் ஆலையில் இருந்தவர் வேறு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கே தெரிந்த சேதி. ஆனால் 40 பேர் உள்ள கம்பெனியில் 6 பேரை நிறுத்தினால் பேப்பரில் வராது. "இவர் என்ன தப்பு செய்தாரோ?" என்றுதான் எதிரே இருப்பவர் நினைப்பார்.

ஆகவே கணக்காகச் சொல்ல வேண்டும். "கம்பெனிக்கு ஆர்டர் குறைஞ்சது. 40 பேரில் 6 பேரை நிறுத்தினாங்க. எங்க பிரிவில் கடைசியா சேர்ந்தது நான்." அவ்வளவுதான்! அதற்கு மேல் அவர் கேட்டால் பதில் சொல்லலாம். கேட்காவிட்டால், பார்த்த வேலையைப் பற்றிப் பேச்சைத் திருப்பலாம்.

"கடைசியா சேர்ந்தது நான்" என்பது சால்ஜாப்பு அல்ல. தொழிலாளரை ஆட்குறைப்பு செய்தால், அந்தப் பிரிவில் கடைசியில் சேர்ந்தவரைத்தான் சாதாரணமாக முதலில் நிறுத்த வேண்டும் என்று 1947-ம் ஆண்டு தொழில் தகராறு சட்டமே சொன்னது. தண்டனையாக நீக்குவது ஆட்குறைப்பு ஆகாது என்பதும் அதே சட்டம்தான்.

"லே-ஆப்" என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். ஐ.டி. கம்பெனிக்காரர்கள் வேலையே போனதை அப்படிச் சொல்கிறார்கள். சட்டப்படி லே-ஆப் என்றால் பஞ்சு, கரண்ட் இல்லாமல் தற்காலிகமாக வேலை தராதது. பழைய மில் தொழிலாளிக்கு இது தெரியும்; தகுதி உள்ளவருக்கு அரைச் சம்பளம் உண்டு. எனவே "ஆட்குறைப்பு" என்று சொன்னால் குழப்பம் இல்லை.

வாய்ப்பேச்சுக்குக் காகிதமும் ஒத்துப்போக வேண்டும். சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் பி.எப். கணக்கிலேயே பதிவாகிறது. "இன்னும் அங்கேதான் இருக்கேன்" என்றால் மாட்டிக்கொள்வார். "ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்று கம்பெனி கேட்கும்போதும் அவசரப்படக் கூடாது. எழுதிக் கொடுத்துவிட்டால் அது ஆட்குறைப்பு என்று நிரூபிப்பது கஷ்டம். ஒரு வருட சர்வீசுக்கு 15 நாள் சம்பளம் என்ற சட்டப்படியான நஷ்டஈடும் கைநழுவிப் போகலாம். செலவுக் குறைப்புதான் காரணம் என்று ஒரு வரி கம்பெனி லெட்டரில் இருந்தால், அதைப் பையில் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கலாம்.