தூக்கம் வரலைன்னா சத்து மாத்திரையா?

ஸ்ரீரங்கத்தில் இப்போது யாரைப் பார்த்தாலும், "தூக்கமே இல்லை சார், விட்டமின் டி குறைவாம்" என்கிறார்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கி, வாரம் ஒன்று போட வேண்டிய அறுபதாயிரம் யூனிட்டைத் தினமும் போடுபவர்களும் உண்டு. அப்படியே தொடர்ந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கோளாறு வரை போகும். விட்டமின் டி போட்டால் தூக்கம் வரும் என்பதற்கு உறுதியான ஆதாரமும் கிடையாது.

என் உறவுக்காரப் பெண் ஒருத்தி, வயது 46. படுத்ததும் காலில் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கும், எழுந்து நடந்தால் சரியாகும் என்பாள். ஹீமோகுளோபின் 12.2, நார்மல் என்று விட்டுவிட்டார்கள். டி, பி காம்ப்ளக்ஸ் எல்லாம் போட்டுப் பார்த்தாள், பலனில்லை. பிறகு ஒரு டாக்டர், காலைப் பற்றி அவள் சொன்னதைக் கேட்டு ஃபெரிட்டின் எடுக்கச் சொன்னார். 14 இருந்தது.

ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புச் சேமிப்பு. சேமிப்பு காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். லேப் தாளில் 15, 20 இருந்தாலே நார்மல் என்று போட்டிருக்கும். ஆனால் இந்தக் கால் தொல்லை இருப்பவர்களுக்கு 75 வரை இருந்தாலும் இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்பது இப்போதைய மருத்துவ வழிகாட்டல். காய்ச்சல், சளி இருக்கும்போது எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். அது சரியான பிறகு எடுங்கள்.

அவளுக்கு மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு இருந்தது, அதற்கும் வைத்தியம் நடந்தது. மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள், எலுமிச்சைச் சாற்றோடு. ஃபில்டர் காபி இரும்பை உறிஞ்ச விடாது என்பதால் ஒரு மணி நேரம் தள்ளி (நம்மூரில் இதுதான் கஷ்டம்!). மூன்று மாதத்தில் கால் அடங்கியது. ஆண்களுக்கோ, மாதவிடாய் நின்றவர்களுக்கோ இரும்பு குறைந்தால் குடல், வயிற்றில் ரத்தம் கசிகிறதா என்று பார்க்காமல் மாத்திரை மட்டும் போடுவது ஆபத்து.

பி12 விஷயம் வேறு. முட்டைகூடத் தொடாதவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகப் போடுபவர்கள், கால் மரத்துப்போகிறவர்கள் கட்டாயம் டெஸ்ட் எடுக்கலாம். அதுவும் பி காம்ப்ளக்ஸ் தொடங்கும் முன்னால். மாத்திரை போட்டுவிட்டு எடுத்தால் ரத்தத்தில் அளவு ஏறிவிடும், பழைய குறைவு தெரியாது.

இந்த அறிகுறி எதுவும் இல்லாமல், மாலை ஐந்து மணிக்குக் காபியும் பகலில் இரண்டு மணி நேரத் தூக்கமும் இருப்பவர்களுக்கு ரத்தப் பரிசோதனை பேக்கேஜ் தேவையில்லை என்பது என் கருத்து. குறட்டை விட்டு மூச்சுத் திணறி எழுபவர்கள் லேபுக்கு அல்ல, நேராக டாக்டரிடம் போங்கள்.