அனுப்பிய கடிதம் எங்கே நிற்கிறது?

வானொலி நிலையத்தில் ஒலி நின்றுபோனால் நீண்ட நேரம் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. சில விநாடி மௌனம் நீடித்தாலே கருவி அலறிவிடும். மின்னஞ்சல் சர்வருக்கு இப்படி ஓர் அலறல் பிறவியிலேயே கிடையாது. நீங்கள் 'அனுப்பு' பொத்தானைத் தட்டியதும் திரையில் 'அனுப்பப்பட்டது' என்று வருகிறதே, கடிதம் உங்கள் அலுவலகச் சர்வரை வந்தடைந்தது என்பது மட்டுமே அதன் பொருள். அங்கிருந்து வெளியே போனதா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் இரண்டு இடங்களில் கிடைக்கும். ஒன்று, சர்வரில் காத்திருக்கும் கடிதங்களின் வரிசை. மற்றொன்று, திரும்பி வந்த கடிதங்களைப் பற்றிய பதிவேடு.

ஒரு டியூஷன் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். எஸ்பிஎம் மாணவர்களுக்கு விடுமுறை வகுப்பு. வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்கு 420 பெற்றோருக்குத் தனித்தனியாக அறிவிப்பு அனுப்புகிறார்கள். பதிவு செய்யக் கடைசி நாள் செவ்வாய். 50 பேருக்கு உடனே கிடைத்துவிட்டது. சிலர் பதிலும் போட்டார்கள். அலுவலகத்தில் இருந்தவர்கள், எல்லாருக்கும் போய்விட்டது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். ஆனால் ஜிமெயில் முகவரி வைத்திருந்த 370 பெற்றோருக்கு ஒன்றும் வரவில்லை. ஸ்பேம் பெட்டியிலும் இல்லை. அந்த 370 கடிதங்களும் நிலையத்தின் சர்வருக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தன.

அவர்களுடைய சர்வரில் ஓடுவது போஸ்ட்ஃபிக்ஸ். வீட்ஸ வெனிமா எழுதிய இந்த மென்பொருளை உலகமெங்கும் பல சர்வர்களில் பார்க்கலாம். ஒரு கடிதத்தை எதிர்ச் சர்வர் 'இப்போது வேண்டாம், பிறகு வா' என்று திருப்பினால், போஸ்ட்ஃபிக்ஸ் அதைத் தூக்கி எறியாது. வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும். முதலில் 5 நிமிட இடைவெளி, பிறகு இடைவெளி நீண்டுகொண்டே போய் ஏறக்குறைய 67 நிமிடத்தில் நிற்கும். யாரும் அமைப்பை மாற்றாவிட்டால் இப்படி 5 நாள் முயன்ற பிறகுதான், 'கடிதம் சேரவில்லை' என்று அனுப்பியவருக்குச் செய்தி வரும். அதுவரை அவருக்கு ஒரு வரி அறிவிப்பும் வராது. வெள்ளி இரவோடு 5 நாளைக் கூட்டினால் புதன் இரவு. பதிவு முடிவது செவ்வாய்.

சனிக்கிழமை காலை 9 மணிக்கு ஒரு தாய் தொலைபேசியில் கேட்ட பிறகு, சர்வரைக் கவனிக்கும் இளைஞர் முதலில் தட்டியது இதைத்தான்:

```
postqueue -p | tail -n 1
```

வரிசையில் எத்தனை கடிதங்கள் நிற்கின்றன என்று கடைசி வரி சொல்லும். அன்று 1,420 என்று காட்டியது. இந்த எண்ணை மட்டும் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. பெரிய நிறுவனத்துக்கு 1,420 சாதாரணமாக இருக்கலாம். இந்த நிலையத்திலோ சாதாரண நாளில் வரிசையில் நாலைந்து கடிதங்கள்தான் இருக்கும். மொத்தமாக அறிவிப்பு அனுப்பும் இரவில் எண் சட்டென்று ஏறும், கால்மணி நேரத்தில் இறங்கிவிடும். ஏறுவதில் தவறில்லை, இறங்காமல் இருப்பதில்தான் கோளாறு. அதனால் உங்கள் அலுவலகத்தின் வழக்கமான எண் என்ன என்பதை நல்ல நாளிலேயே குறித்து வைத்திருக்க வேண்டும்.

வேறொன்றையும் இங்கே மனத்தில் வைக்க வேண்டும். ஒரே கடிதத்தை 50 பேருக்குச் சேர்த்து அனுப்பினால், வரிசையில் அது ஒன்று என்றே எண்ணப்படும். எண் சிறியதாக இருக்கிறது என்பதற்காகப் பாதிக்கப்பட்டவர்களும் சிலர்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அடுத்த கேள்வி, யாருக்குப் போக வேண்டிய கடிதங்கள் நிற்கின்றன, எவ்வளவு நேரமாக நிற்கின்றன என்பது. அதற்கு ஒரு சிறிய கட்டளை உண்டு:

```
qshape deferred
```

இது பெறுபவர்களின் தளங்களை ஒவ்வொரு வரியாகவும், காத்திருக்கும் நிமிடங்களைக் கட்டம் கட்டமாகவும் காட்டும். அன்று 1,420-இல் 1,398 ஜிமெயிலுக்கு உரியவை. பெரும்பாலானவை பத்து மணி நேரத்துக்கு மேல் பழையவை. இது முக்கியமான தடயம். எல்லாத் தளங்களுக்கும் போகும் கடிதங்கள் ஒன்றாக நின்றிருந்தால், கோளாறு பெரும்பாலும் நம் வாசலில்தான் இருக்கும். பதிவேட்டில் `Connection timed out` என்று வரிசையாக வந்தால், சர்வர் வைத்திருக்கும் நிறுவனமோ இணையச் சேவை நிறுவனமோ வெளியே போகும் 25-ஆம் எண் வாசலை மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே தளத்தில் மட்டும் குவிந்தால், அந்தத் தளம் நம்மிடம் ஏதோ சொல்கிறது. என்ன சொல்கிறது என்பது பதிவேட்டில் இருக்கும்.

```
grep 'status=deferred' /var/log/mail.log
grep 'status=bounced' /var/log/mail.log
```

முதல் வரி தள்ளிப்போடப்பட்ட கடிதங்களைக் காட்டும், இரண்டாவது நிரந்தரமாகத் திரும்பியவற்றை. சில சர்வர்களில் கோப்பின் பெயர் `maillog` என்று இருக்கும். ஒவ்வொரு பதிவிலும் `dsn=` என்பதற்குப் பின்னால் ஓர் எண் வரும். 4-இல் தொடங்கினால் 'பிறகு வா'. 5-இல் தொடங்கினால் 'வரவே வேண்டாம்'. 5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரியே இல்லை. 5.7.1 என்றால் பெரும்பாலும் முகவரி சரிதான், ஏதோ ஒரு விதி காரணமாக நம்மை ஏற்க மறுக்கிறார்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல முகவரிகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுபவர்கள் உண்டு.

அன்று ஜிமெயில் சொன்னது 421, 4.7.28. உங்கள் சர்வரிலிருந்து வேண்டாத கடிதங்கள் வழக்கத்துக்கு மாறான வேகத்தில் வருகின்றன, ஆகவே தற்காலிகமாகக் கட்டுப்படுத்துகிறோம் என்பது அதன் சாரம். 420 பெற்றோருக்கு அனுப்பியதையா இப்படிச் சொல்கிறார்கள்? நேரத்தைப் பார்த்தால் விடை தெரிந்தது. முதல் 4.7.28 வந்தது வெள்ளி மாலை 4 மணிக்கு, அறிவிப்பு புறப்படுவதற்கு 4 மணி நேரம் முன்பே. இன்னும் பின்னால் போனால், மதியம் 1 மணியிலிருந்தே 5.1.1 பதிவுகள் கொட்டிக் கிடந்தன. நாளுக்கு இரண்டு மூன்று வரும் இடத்தில் அன்று பிற்பகல் மட்டும் 600-க்கு மேல். நிலையத்துக்குத் தொடர்பே இல்லாத முகவரிகள் அவை. இல்லாத முகவரிகளுக்கு ஒருவர் இவ்வளவு எழுதுகிறார் என்றால், எங்கோ கிடைத்த பட்டியலை வைத்துக் கண்மூடித்தனமாக அனுப்புகிறார் என்று பொருள்.

யார் கணக்கிலிருந்து போகிறது என்று பார்க்க ஒரு வரி போதும்:

```
grep -o 'sasl_username=[^,]*' /var/log/mail.log | sort | uniq -c | sort -rn
```

கடவுச்சொல் கொடுத்து உள்ளே வந்த ஒவ்வொரு கணக்கும் எத்தனை முறை அனுப்பியது என்று இது எண்ணிக் காட்டும். முகப்பில் அமர்ந்திருக்கும் எழுத்தரின் கணக்கு எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. அவர் வெள்ளி மதியம் விடுப்பில் இருந்தார். அவருடைய கடவுச்சொல் யார் கையிலோ சிக்கியிருந்தது. திரும்பிய கடிதங்கள் அவர் பெட்டிக்கு வரவில்லையா என்று கேட்பீர்கள். ஸ்பேம் அனுப்பியவர் அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போட்டிருந்தார். அதனால் 'சேரவில்லை' என்ற செய்திகள் அந்தப் பொய் முகவரிகளை நோக்கிப் போயின. அவற்றிலும் சில போக இடமில்லாமல் `MAILER-DAEMON` என்ற பெயரில் அதே வரிசையில் நின்றன. ஜிமெயில் அல்லாத மீதி 22 கடிதங்கள் இவைதாம்.

இந்த இடத்தில் பலருக்கும் தோன்றும் முதல் எண்ணம், வரிசையை ஒரேயடியாகத் தள்ளிவிடுவது. `postqueue -f` என்று தட்டினால் நிற்கும் எல்லாமே உடனே மறுமுயற்சிக்குப் போகும். வேகமாக வருகிறாய் என்று தடுத்த வாசலில் 1,398 கடிதங்களோடு மறுபடி மோதினால் தடை இறுகத்தான் செய்யும். வரிசை முழுவதையும் அழித்துவிடுவதும் தீர்வல்ல. ஸ்பேமோடு 370 அறிவிப்புகளும் போய்விடும்.

இளைஞர் முதலில் எழுத்தரின் கடவுச்சொல்லை மாற்றி, புதிய ஸ்பேம் உள்ளே வருவதை நிறுத்தினார். பிறகு வரிசையைப் பிரித்தார். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் அடையாள எண் உண்டு. பதிவேட்டில் `sasl_username=` வரும் அதே வரியில் அந்த எண்ணும் இருக்கும். எழுத்தரின் கணக்கிலிருந்து வந்தவற்றின் எண்களை எடுத்து, `postsuper -d` கட்டளைக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்து நீக்கினார். மிஞ்சிய 370 அறிவிப்புகளைத் தொடவில்லை. போஸ்ட்ஃபிக்ஸ் தன் நிதானத்திலேயே முயலட்டும் என்று விட்டுவிட்டார். ஜிமெயில் எப்போது தளர்த்தும் என்பது ஜிமெயில் கையில்தான் இருக்கிறது. அதனால் அலுவலகம் சனி மதியமே அந்த 370 பெற்றோருக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியது. யார் யாருக்குச் சேரவில்லை என்ற பட்டியலை வரிசையே கொடுத்துவிட்டது.

நடந்ததைத் திருப்பிப் பார்த்தால், முதல் எச்சரிக்கை வெள்ளி மதியம் 1 மணிக்கே பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது. வரிசை நீளமாவதற்கு முன்பே திரும்பும் கடிதங்கள் பெருகின. அதனால் இரண்டையும் சேர்த்துத்தான் கவனிக்க வேண்டும். 5 நிமிடத்துக்கு ஒரு முறை வரிசையின் எண்ணைக் குறித்து, அரை மணி நேரமாக இறங்காவிட்டால் கைப்பேசிக்குச் செய்தி வரும்படி செய்யலாம். ஒரு மணி நேரத்தில் `status=bounced` எத்தனை என்று எண்ணி, வழக்கத்தைப் போல் பத்து மடங்கானால் அதற்கும் செய்தி வரட்டும்.

ஆனால் இந்தக் காவலுக்கு எட்டாத இடமும் உண்டு. எதிர்ச் சர்வர் 250 என்று சொல்லி வாங்கிக்கொண்ட பிறகு, கடிதத்தை ஸ்பேம் பெட்டியில் போட்டாலும் நம் பதிவேட்டில் `status=sent` என்றுதான் இருக்கும். வரிசை காலியாக இருந்தும் பெற்றோர் 'வரவில்லை' என்றால், அங்கே பார்க்கச் சொல்ல வேண்டும்.

உங்கள் அலுவலகத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் திங்கட்கிழமை ஒன்றைக் கேளுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பில் இந்த வரி இருக்கிறதா?

```
delay_warning_time = 4h
```

சொல்லாவிட்டால் இதன் மதிப்பு பூஜ்யம், அதாவது எச்சரிக்கையே கிடையாது. இப்படி எழுதிவிட்டால், கடிதம் 4 மணி நேரம் நின்றதுமே 'இன்னும் சேரவில்லை, முயன்றுகொண்டிருக்கிறேன்' என்று அனுப்பியவருக்கே தகவல் போகும். அந்த டியூஷன் நிலையத்தில் இது இருந்திருந்தால், வெள்ளி நள்ளிரவு வாக்கிலேயே செய்தி வந்திருக்கும். செவ்வாய்க்கு இன்னும் மூன்று முழு நாள் மீதி இருந்திருக்கும்.