எல்லாம் தெரிந்தவரை யாரும் தேடுவதில்லை

ஃப்ரீலான்ஸ் தளங்களில், அதாவது வேலை கொடுப்பவரும் தனித்துப் பணிபுரிபவரும் இணையவழியே சந்தித்து ஒப்பந்தம் செய்துகொள்ளும் சந்தைகளில், புதிதாகப் பக்கம் திறப்போருக்கு வழங்கப்படும் அறிவுரைகளுள் மிகப் பரவலானது, தெரிந்த திறன்கள் அனைத்தையும் தலைப்பு வரியில் இட்டுவிட வேண்டும் என்பதாகும். சொற்கள் மிகுந்தால் பொருந்தும் தேடல்கள் மிகும், தேடல்கள் மிகுந்தால் வேலை வரும் என்பதே இந்த நம்பிக்கையின் உட்கிடை. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும் இது தவறானது. தவறு என்பதோடு நில்லாமல், முதல் வேலைக்காகக் காத்திருப்பவருக்கே மிகுந்த கேடு விளைவிக்கிறது என்பதால் இதை வெளிப்படையாக மறுத்தாக வேண்டியிருக்கிறது.

தலைப்பு வரி என்பது பெயருக்குக் கீழே நிற்கும் ஒற்றை வரி. ஈலான்ஸ், ஓடெஸ்க் என்ற இரு நிறுவனங்கள் இணைந்து 2015இல் அப்வொர்க் என்று பெயர் மாறிய தளத்தில் அதற்கு 70 எழுத்துகள் மட்டுமே இடம் உண்டு; அதன் கீழே வரும் சுருக்க அறிமுகத்துக்கு 5,000 எழுத்துகள் வரை அனுமதி இருந்தாலும், தேடல் முடிவுகளில் அதன் தொடக்க வரிகள் மட்டுமே தெரியும், எஞ்சியவை பக்கத்தைத் திறந்தவருக்கே கிட்டும். இந்த 70 எழுத்துகள் இரண்டு தருணங்களில் படிக்கப்படுகின்றன. வேலை கொடுப்பவர் தேடல் பெட்டியில் சில சொற்களை இட்டு வரும் பட்டியலைக் கண்ணோட்டும்போது ஒருமுறை. அவர் வெளியிட்ட வேலை அறிவிப்புக்கு வந்து குவிந்த விண்ணப்பங்களை அடுத்தடுத்துப் பார்க்கும்போது மற்றொரு முறை. முதல் தருணத்தில் தேடல் பொறியும் மனிதரும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள். இரண்டாவதில் மனிதர் மட்டுமே தீர்மானிக்கிறார். திறன்களை அடுக்கச் சொல்லும் அறிவுரை பொறியை மட்டும் மனத்தில் கொண்டு பிறந்தது. பட்டியலின் மறுமுனையில் ஒரு மனிதர் அமர்ந்திருப்பதை அது மறந்துவிட்டது.

ஒரு நேர்வை எடுத்துக்கொண்டு பார்ப்பது தெளிவு தரும். வணிகவியல் பட்டம் பெற்று, கோயம்புத்தூரில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் சில ஆண்டுகள் பணிபுரிந்து, பிறகு குவிக்புக்ஸ் என்னும் கணக்கு மென்பொருளையும் கற்று, அமெரிக்கச் சிறு வணிகர்களுக்குக் கணக்கெழுத முன்வரும் ஒருவரைக் கருதுக. வழக்கமான அறிவுரையைப் பின்பற்றினால் அவருடைய தலைப்பு வரி பெரும்பாலும் இவ்வாறு அமையும்:

```
Accountant | Tally | GST | QuickBooks | Excel | Data Entry | Tax
```

இந்த வரியில் பொய் ஏதும் இல்லை. ஆனால் இதன் ஏழு சொற்களுள் பெரும்பாலானவை எழுதியவருக்கு எதிராகவே வேலை செய்கின்றன. டேலியும் ஜிஎஸ்டியும் இந்தியக் கணக்கறைகளில் அன்றாடச் சொற்கள். ஓஹையோவில் இணையக் கடை நடத்துபவர் அவற்றைத் தேடப்போவதில்லை, கண்ணில் பட்டாலும் இவர் வேறொரு நாட்டின் கணக்கு முறைக்கு உரியவர் என்றே கொள்வார். தரவு உள்ளீடு என்பது தளத்தின் மிகக் குறைந்த கூலிப் பணிகளுள் ஒன்று. அதை அருகில் வைத்ததும், கணக்கறிவுக்குக் கேட்கும் கட்டணம் மிகையாகத் தோன்றத் தொடங்குகிறது. ‘வரி’ என்ற கடைசிச் சொல்லோ இன்னும் ஆபத்தானது. அமெரிக்காவில் கூலி பெற்றுக்கொண்டு பிறருக்கு மத்திய வருமான வரிப் படிவம் தயாரிப்பவர் எவரும் அந்நாட்டு வருவாய்த் துறை வழங்கும் தயாரிப்பாளர் அடையாள எண்ணைப் பெற்றிருக்க வேண்டும். அந்த எண் இல்லாதவர் இச்சொல்லை இடுவதால் வருவது, ஏற்க முடியாத வேலைக்கான அழைப்புகளே. ஏற்றுக்கொண்டாலோ சட்டச் சிக்கல்.

வேலை கொடுப்பவர் எதைத் தேடுகிறார் என்ற கேள்விக்கு, திறனைத் தேடுகிறார் என்ற விடை பாதி உண்மைதான். அவரைத் தேடல் பெட்டிக்கு அழைத்து வருவது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட இடர்ப்பாடு. ஷாப்பிஃபை என்ற தளத்தில் கடை வைத்திருப்பவரின் இடர்ப்பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு வாரத்தில் 1,000 டாலருக்கு விற்பனை நடந்து, வாங்கியவர்களிடம் மாநில விற்பனை வரியாக 70 டாலர் வசூலாகி, 100 டாலர் திருப்பித் தரப்பட்டு, பணம் செலுத்தும் சேவைக்கான கட்டணமாக 32 டாலர் பிடிக்கப்பட்டால், வங்கிக் கணக்கில் வந்து சேர்வது 938 டாலர். கடைக்காரர் இந்த 938ஐ அப்படியே வருமானம் என்று பதிந்துவிடுகிறார். உண்மையில், திருப்பியது போக விற்பனை 900. கட்டணம் போக எஞ்சுவது 868. கூடுதலாகத் தெரியும் 70 டாலர் அவருடையதே அன்று. மாநில அரசுக்குக் கட்ட வேண்டிய வரி அது. மாதங்கள் பல இவ்வாறு கடந்த பின், வங்கிக் கணக்கும் விற்பனை அறிக்கையும் ஒத்துவராமல் திகைத்து நிற்கும்போதுதான் அவர் ஆள் தேடப் புறப்படுகிறார். அப்போது அவர் விரல்கள் தட்டுவது ‘அக்கவுண்டன்ட்’ என்ற பொதுச்சொல்லை மட்டுமன்று. கடைத்தளத்தின் பெயரையும், மென்பொருளின் பெயரையும், தவறான பதிவுகளைச் சீர்செய்வதைக் குறிக்கும் ‘கிளீனப்’ அல்லது விடுபட்ட மாதங்களை எழுதி முடிப்பதைக் குறிக்கும் ‘கேட்ச்-அப்’ என்ற சொல்லையும்தான். அந்நாட்டில் இந்த வேலையைச் செய்பவர் ‘புக்கீப்பர்’ எனப்படுகிறார். இந்திய அலுவலகங்களில் வழங்கும் ‘அக்கவுண்ட்ஸ் எக்சிகியூட்டிவ்’ என்ற பதவிப் பெயரை அவர் தட்டப்போவதில்லை. பட்டயக் கணக்கரைக் குறிக்க இங்கே பெருமையோடு இடப்படும் CA என்ற ஈரெழுத்தோ, அங்கே முதலில் கலிஃபோர்னியா மாநிலத்தையே நினைவூட்டும்.

இச்சொற்களை ஊகித்து அறிய வேண்டியதில்லை என்பதுதான் இதில் மனத்துக்கு ஆறுதலான செய்தி. வேலை கொடுப்பவர்கள் தம் சொந்த மொழியில் எழுதிய அறிவிப்புகள் தளத்தில் திறந்தே கிடக்கின்றன. செய்ய விரும்பும் வேலை தொடர்பான முப்பது நாற்பது அறிவிப்புகளைத் திறந்து, ஒவ்வொன்றின் தலைப்பையும் முதல் இரு வாக்கியங்களையும் ஒரு தாளில் படியெடுத்து, திரும்பத் திரும்ப வரும் பெயர்ச்சொற்களை அடிக்கோடிட்டாலே போதும். எந்த மென்பொருள், எவ்வகை வணிகம், எவ்வகை இடர்ப்பாடு என்ற மூன்றும் தாமே மேலெழுந்து நிற்கும். போட்டியாளர்களின் பக்கங்களைப் பார்த்துச் சொல் எடுப்பதைவிட இது மேலான வழி. ஏனெனில் போட்டியாளர்களுள் பலர் மேற்சொன்ன அறிவுரையைப் பின்பற்றி எழுதியவர்களே, அவர்களிடமிருந்து எடுப்பது ஒரு தவற்றைப் படியெடுப்பதாகவே முடியும்.

அவ்வாறு திரட்டிய சொற்களைக் கொண்டு அதே கோயம்புத்தூர்க் கணக்கர் தம் வரியை மாற்றினால் அது இப்படி நிற்கும்:

```
QuickBooks Online Bookkeeper for Shopify Stores | Cleanup & Catch-up
```

இது 68 எழுத்துகளுக்குள் அடங்குகிறது. மென்பொருளும் தொழிற்பெயரும் முதலில் வருகின்றன. சிறிய திரையில் வரியின் முடிவு மறைந்துபோனாலும் அவை மறைவதில்லை. அடுத்து யாருக்கு என்பது வருகிறது. இறுதியில் எந்த இடர்ப்பாட்டுக்கு என்பது. ‘எக்ஸ்பெர்ட்’, ‘ஹார்ட்வொர்க்கிங்’ போன்ற தற்புகழ்ச்சி அடைகள் எதுவும் இல்லை. அவற்றைத் தேடுபவர் இல்லை, நம்புபவரும் இல்லை.

சுருக்க அறிமுகத்தின் தொடக்கத்தைப் பெரும்பாலோர் தம் பட்டத்தையும் அனுபவ ஆண்டுகளையும் சொல்வதில் செலவிட்டுவிடுகிறார்கள். தேடல் முடிவில் தெரியும் அந்தச் சில வரிகள் படிப்பவரின் நிலையைச் சொல்ல வேண்டியவை:

```
Shopify payouts don't match the sales in QuickBooks?
I separate sales, fees, refunds and sales tax,
and bring the missing months up to date.
```

தன் கடையில் நடப்பதை இன்னொருவர் மூன்று வரிகளில் சொல்லக் காணும் கடைக்காரர், இவருக்கு இந்த வேலை தெரியும் என்ற முடிவுக்குத் தாமாகவே வந்துவிடுகிறார். அனுபவமும் சான்றிதழும் அதற்குக் கீழே வரலாம். அதன்பின் என்ன செய்து தரப்படும், எதைச் செய்ய இயலாது என்பன வரலாம். வரிப் படிவம் தயாரிப்பது இப்பணியில் அடங்காது, கணக்கு உங்கள் வரி ஆலோசகருக்கு ஏற்றவாறு ஒழுங்காகத் தரப்படும் என்று சொல்லிவிடுவது பின்னர் எழக்கூடிய மனக்கசப்பை முன்கூட்டியே தவிர்க்கும்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். அது மதிக்கத் தக்கது. வேலையே இல்லாத ஒருவர் தம் வாசலை இவ்வளவு குறுக்கிக்கொள்ளலாமா, டேலி தெரிந்த ஆளைத் தேடும் துபாய் வணிகரை இழக்க நேராதா என்பது அது. இழக்க வேண்டியதில்லை. பிற திறன்களுக்கென்று தளமே தனி இடம் தந்திருக்கிறது: அப்வொர்க்கில் 15 திறன் குறிச்சொற்கள் வரை சேர்க்கலாம், பொதுப் பக்கத்தோடு, தனித்துறைப் பக்கங்களையும் வைத்துக்கொள்ளலாம். டேலிக்கும் வளைகுடா நாட்டு வணிகர்களுக்கும் உரிய தலைப்பும் அறிமுகமும் அங்கே முழுமையாக இடம்பெறட்டும். இரு வேறு வாசகர்களுக்கு எழுதுவதை ஒரே 70 எழுத்துகளில் திணிப்பதால் இருவருமே இழக்கப்படுகிறார்கள். ஒரு வரி ஏழு தேடல்களுக்குச் சிறிதளவு பொருந்தினால், அந்த ஏழிலும் முழுமையாகப் பொருந்தும் வேறொருவர் அதற்கு மேலே நிற்கிறார். பட்டியலின் பிற்பகுதிக்குச் செல்லும் பொறுமை வேலை கொடுப்பவருக்கு அரிதாகவே உண்டு.

குறுக்குவதற்கும் எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஷாப்பிஃபை வரவுகளைப் பிரித்துக் குவிக்புக்ஸுக்கு அனுப்பும் ஏ2எக்ஸ் என்ற இணைப்பு மென்பொருளைத் தலைப்பில் முதற்சொல்லாக வைத்தால், அதன் பெயரே அறியாத பெரும்பாலான கடைக்காரர்களுக்கு அந்த வரி புரியாது. அது அறிமுகத்தின் உள்ளேயோ குறிச்சொற்களிலோ இருக்க வேண்டிய சொல். படித்துத் திரட்டிய அறிவிப்புகளில் ஒன்றிரண்டில் மட்டுமே தென்பட்ட சொல்லுக்குத் தலைப்பில் இடமில்லை.

மாற்றிய வரி பயன் தருகிறதா என்பதைச் சில வாரங்களில் அறியலாம். அதற்குத் தலைப்பையும் அறிமுகத்தையும் ஒரே நாளில் மாற்றாமல், ஒன்றை மாற்றிச் சில வாரம் விட்டு மற்றதை மாற்ற வேண்டும். பக்கத்தைத் திறந்து பார்த்தவர் எண்ணிக்கை உயராவிட்டால் குறை பட்டியலில் தெரியும் பகுதியில், அதாவது தலைப்பு, படம், கட்டணம், தொடக்க வரிகள் ஆகியவற்றில் இருக்கிறது. பார்ப்பவர் கூடியும் அழைப்பு வராவிட்டால் குறை உள்ளே இருக்கும் அறிமுகத்திலோ பணி மாதிரிகளிலோ இருக்கிறது. அழைப்பு வந்தும் அது டேலிக்கும் தரவு உள்ளீட்டுக்கும் உரியதாகவே இருந்தால், பழைய சொற்கள் இன்னும் எங்கோ மிஞ்சி நிற்கின்றன. தேடல் வரிசையைத் தளம் எவ்வாறு அமைக்கிறது என்பது முழுமையாக வெளியிடப்படுவதில்லை. முடித்த வேலைகளின் வரலாறும் வேலை கொடுத்தவர்களின் மதிப்பீடும் அதில் பங்கு வகிப்பதால், புதியவரின் மிகச் சரியான தலைப்பு வரியும் தொடக்கத்தில் கீழேயே நிற்கக்கூடும். ஆயினும் அவர் தாமே தேடிச் சென்று அனுப்பும் ஒவ்வொரு விண்ணப்பத்தின் மேலும் அதே வரிதான் ஏறிச் செல்கிறது. தேடலில் தென்படத் தொடங்கும் முன்பே அந்த வரி படிக்கப்படும் இடம் விண்ணப்பமே.