வீட்டு மின்சாரம்: பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும் கொசு பேட்

கேள்வி: எங்கள் வீடு தாண்டிக்குடி பக்கம், காபித் தோட்டத்துக்குள் இருக்கிறது. மழைக்காலத்தில் சில்வர் ஓக் கிளை முறிந்து லைன் மேல் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் எமர்ஜென்சி லைட், கொசு பேட், சார்ஜ் ஃபேன் மூன்றும் வைத்திருக்கிறோம். போன வாரம் என் மகள் கொசு பேட்டைப் பிளக் பாயின்டிலிருந்து பிடுங்கி, வெளியே நிற்கும் இரண்டு பின்களையும் விரலால் உள்ளே தள்ளினாள். சுரீரென்று ஷாக் அடித்து பேட்டைக் கீழே போட்டுவிட்டாள். பிடுங்கிய பொருளில் கரண்ட் எப்படி இருக்கும்? கடைக்காரர், "பேட்டரி கரண்ட்தான், ஒன்றும் ஆகாது" என்கிறார். இவற்றை இரவு முழுக்க சார்ஜில் விடலாமா?
- ஒரு வாசகி, கீழ்ப்பழனி மலை

பதில்: உங்கள் மகளை அடித்தது பேட்டரி கரண்ட் இல்லை, சகோதரி. அந்த பேட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் 4 வோல்ட் பேட்டரி. 4 வோல்ட்டைத் தொட்டால் ஒன்றும் தெரியாது. அவளை அடித்தது சுவரிலிருந்து வந்த கரண்ட்டின் மிச்சம். அது எங்கே தங்கியிருந்தது என்று தெரிந்துகொண்டால், எதைச் செய்யக் கூடாது என்பதும் விளங்கிவிடும்.

உள்ளே என்ன இருக்கிறது?

230 வோல்ட்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி குறைக்க நல்ல சார்ஜரில் டிரான்ஸ்பார்மர் இருக்கும். அதில் சுவர் கரண்ட் ஒரு சுருளிலும் பேட்டரிப் பக்கம் இன்னொரு சுருளிலும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே கம்பித் தொடர்பு கிடையாது. பின் உடம்போடு சேர்ந்தே வரும் விலை குறைந்த கொசு பேட், டார்ச், சின்ன எமர்ஜென்சி லைட்டுகளில் பெரும்பாலும் இந்த டிரான்ஸ்பார்மர் இருப்பதில்லை. அதற்குப் பதிலாக, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கெபாசிட்டர் இருக்கும். 1 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் என்ற அளவில் வரும். அது கரண்ட்டை மட்டுப்படுத்தி, சுமார் 70 மில்லி ஆம்பியர் மட்டும் போகவிடும். பேட்டரி சார்ஜ் ஆக அது போதும்.

கெபாசிட்டர் என்பது கரண்ட்டைச் சிறிது நேரம் பிடித்து வைக்கும் சின்னத் தொட்டி. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. உச்சத்தில் அது 325 வோல்ட் வரை போகும். அந்த உச்சத்தில் பிளக்கைப் பிடுங்கினால் கெபாசிட்டர் 325 வோல்ட்டோடு வெளியே வருகிறது. இறங்கியிருக்கும் நேரத்தில் பிடுங்கினால் ஒன்றுமே இருக்காது. ஒரு நாள் அடித்து, மறுநாள் அடிக்காமல் இருப்பது இதனால்தான். "நான் தினமும்தான் தொடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று வீட்டில் யாராவது சொன்னால் அதை நம்பிவிடாதீர்கள்.

இந்தத் தொட்டியைக் காலி செய்ய, அதன் குறுக்கே ஒரு சின்ன ரெசிஸ்டர் வைக்க வேண்டும். அது நன்றாக இருந்தால் இரண்டு மூன்று விநாடிகளில் கரண்ட் வடிந்துவிடும். விலையைக் குறைக்க அதை வைக்காமலே விற்கும் பொருட்கள் உண்டு. பேட் கீழே விழுந்து விழுந்து அதன் கால் ஒடிந்துபோவதும் உண்டு. பிடுங்கிச் சில விநாடிகள் கழித்தும் அடிக்கிறது என்றால் அந்த ரெசிஸ்டர் வேலை செய்யவில்லை.

மெக்கானிக்கிடம் கொடுத்தால் மல்டிமீட்டரை 1000 வோல்ட் டி.சி. அளவில் வைத்து, பிடுங்கியவுடன் இரண்டு பின்களிலும் முனையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தடவை பார்த்தால் போதாது. பிடுங்கும் நேரத்தைப் பொறுத்து அளவு மாறும் என்பதால் நாலைந்து தடவை செருகிப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மூன்று விநாடிக்குள் முள் பூஜ்யத்துக்கு அருகே வரவேண்டும். வரவில்லை என்றால் ரெசிஸ்டரை மாற்றலாம். அது மிகவும் மலிவான சாமான்.

அதைவிடப் பெரிய ஆபத்து

பிடுங்கிய பிறகு அடிக்கும் ஷாக் ஒரு நொடிச் சுருக்குதான். அதில் இருக்கும் ஆற்றல் மிகக் குறைவு. ஆனால் அதே கெபாசிட்டர் அமைப்பால், செருகியிருக்கும்போது நேர்வது உயிர் போகும் விஷயம்.

நடுவே டிரான்ஸ்பார்மர் இல்லை என்றேன் அல்லவா? அதனால் சார்ஜில் இருக்கும்போது பேட்டரி, எல்.ஈ.டி., சுவிட்சின் உள்பாகம் எல்லாமே சுவர் கரண்ட்டோடு தொடர்பில்தான் இருக்கின்றன. 4 வோல்ட் என்று எழுதிய பேட்டரியைத் தொட்டாலும் ஃபேஸ் கம்பியைத் தொட்டது போலத்தான். இரண்டு பின் பிளக்கை எப்படியும் திருப்பிச் செருகலாம். ஒரு பக்கமாகச் செருகினால் ஃபேஸ் கெபாசிட்டர் வழியாக வரும். அந்த 70 மில்லி ஆம்பியரே ஆளைக் கொல்லப் போதுமானது. மறுபக்கமாகச் செருகினால் கெபாசிட்டர்கூட நடுவில் இல்லாமல் நேராக வரும். உடைந்த மூடி, வெடித்த எல்.ஈ.டி. கண்ணாடி, வெளியே தெரியும் ஒயர் உள்ள லைட்டைச் சார்ஜில் போடவே கூடாது. சார்ஜில் இருக்கும் பேட்டின் பட்டனை அமுக்கவோ வலையைத் தொடவோ கூடாது. வலைக்கும் இந்தத் தொடர்பு இருக்கலாம்.

மலை வீடுகளில் இது இன்னும் மோசம். மழை மாதங்களில் மண் தரையும் சிமெண்டுத் தரையும் ஈரம் ஊறி நிற்கும். வெறுங்காலோடு நிற்பவர் உடம்பு வழியாகக் கரண்ட் எளிதாகத் தரைக்கு இறங்கும்.

இருட்டில் பிடுங்கும் பழக்கம்

2018 நவம்பர் 16-ல் கரையைக் கடந்த கஜா புயல் திண்டுக்கல் வழியாக வந்தபோது, மரமும் கம்பமும் சாய்ந்து இந்த மலைகள் இருளில் கிடந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட நாளில் நாம் என்ன செய்கிறோம்? சுவரில் தொங்கும் லைட்டை இருட்டில் தடவிப் பிடித்து இழுக்கிறோம். சுவிட்சை அணைப்பதில்லை. "கரண்ட்தான் இல்லையே" என்ற தைரியம்.

லைட்டின் எடையால் அது ஏற்கெனவே கொஞ்சம் முன்னால் சாய்ந்து, பின் பாதி வெளியே தெரிந்துகொண்டிருக்கும். நம்மூர் இரண்டு பின் பிளக்கில் பித்தளைக்கு மேல் உறை எதுவும் கிடையாது. பழைய சாக்கெட்டில் பிடிமானம் தளர்ந்திருந்தால் பாதி வெளியே வந்த பின்னிலும் முழுக் கரண்ட் இருக்கும். தடவுகிற விரல் அந்த இடைவெளியில் போகும் நேரத்தில் கரண்ட் திரும்பி வந்தால் இரண்டு பின்னும் இரண்டு விரலில். இதில் ஆர்.சி.டி. கூடக் காப்பாற்றாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. கரண்ட் தரைக்குக் கசிந்தால்தான் விழும். இரண்டு பின்னுக்கும் நடுவே கை இருந்தால் அதற்கு அது இன்னொரு பல்பு மாதிரிதான். ஆனால் முன்னே சொன்ன, பேட்டரியைத் தொட்டுத் தரைக்கு இறங்கும் ஷாக்கில் அது ஆளைக் காப்பாற்றும். அதனால் வீட்டில் இல்லாதவர்கள் அவசியம் போட்டுக்கொள்ளுங்கள்.

கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரிசை ஒன்றுதான். முதலில் சுவிட்சை அணையுங்கள். பிறகு லைட்டின் உடம்பைப் பிடித்து நேராக இழுங்கள். பின்னை விரலால் தள்ளாமல், பக்கத்தில் இருக்கும் தள்ளுவிசையால் உள்ளே இழுங்கள். தள்ளுவிசை உடைந்திருந்தால் பின்னைத் தொடாமல், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஒரு சோதனையும் செய்யுங்கள். கரண்ட் இருக்கும் நேரத்தில், எதையும் செருகாமல், சுவிட்சை அணைத்துவிட்டு, சாக்கெட்டின் இரண்டு துளையிலும் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். டெஸ்டர் எரிந்தால் சுவிட்ச் நியூட்ரலில் போடப்பட்டிருக்கிறது. அந்த சாக்கெட்டில் அணைத்தாலும் ஃபேஸ் இருந்துகொண்டே இருக்கும். பழைய வீடுகளில் இது அடிக்கடி காணும் தவறு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றும் வரை அதில் எதையும் சார்ஜ் போடாதீர்கள்.

இரவு முழுக்க விடலாமா?

கூடாது. கணக்கைப் பாருங்கள். உங்கள் பேட்டில் 4 வோல்ட், 500 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். 70 மில்லி ஆம்பியரில் ஏற்றினால் 7 மணி நேரம். வீணாவதையும் சேர்த்தால் 8 முதல் 10 மணி நேரம். இந்த மலிவு அமைப்பில், நிறைந்தவுடன் தானாக நிற்கும் வசதி பெரும்பாலும் இல்லை. சாயங்காலம் 6 மணிக்குச் செருகி காலை 8 மணிக்குப் பிடுங்கினால் நாலைந்து மணி நேரம் வீணாகப் பேட்டரி வெந்துகொண்டிருக்கும். உள்ளே ஈரம் வற்றி, பேட்டரி உப்பி, ஆறு மாதத்தில் பயனற்றுப்போகும்.

பகலில், வீட்டில் ஆள் இருக்கும்போது போடுங்கள். நடுவில் கரண்ட் போனால் அந்த நேரத்தைக் கழித்துக் கணக்கிடுங்கள். லைன் கடைசியில் இருக்கும் வீடுகளில் வோல்டேஜ் 170-க்கு இறங்கினால் ஏறும் கரண்ட்டும் 50 மில்லி ஆம்பியர் அளவுக்குக் குறையும். அன்று சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றுங்கள். காலியாகவே கிடந்தால் ஈயப் பேட்டரி மறுபடி ஏறாது.

மெத்தை, போர்வை, கொசுவலைக்குள் வைத்து சார்ஜ் போடாதீர்கள். கை வைக்க முடியாத சூடு, புளித்த அமில வாடை, உடம்பு உப்பல் தெரிந்தால் சுவிட்சை அணைத்துப் பிடுங்கி, வெளியே வைத்துவிடுங்கள். உருளை வடிவில் 3.7 வோல்ட் என்று எழுதியிருந்தால் அது லித்தியம். அது உப்பினால் குத்தவோ திறக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். எந்தப் பேட்டரியையும் தோட்டத்தில் வீசாமல் பழைய பேட்டரி வாங்கும் கடையில் கொடுங்கள்.

உங்கள் சார்ஜ் ஃபேனில் பேட்டரி பெரியது. அதனால் பெரும்பாலும் டிரான்ஸ்பார்மரோ அதற்கு இணையான சார்ஜரோ இருக்கும். அங்கே பார்க்க வேண்டியது கழற்றி மாட்டும் ஒயர். சில ஃபேன்களில் உடம்பிலேயே பின் இருக்கும், ஒயரின் முனையை அதில் மாட்டுவோம். ஒயர் தொலைந்துவிட்டது என்று வெறும் கம்பியை அந்தப் பின்னில் சுற்றி விடுபவர்கள் இருக்கிறார்கள். அது சுவர் சாக்கெட்டைப் பிரித்துப் போட்டு வைப்பதற்குச் சமம். அதே அளவு ஒயரை வாங்கி மாட்டுங்கள். மாட்டும்போது முதலில் ஃபேன் பக்கம், பிறகு சுவர். கழற்றும்போது முதலில் சுவர்.

அடுத்த முறை வாங்கும்போது

உடம்போடு பின் உள்ளதை விட்டுவிட்டு, செல்போன் சார்ஜரில் ஏற்றும் யூ.எஸ்.பி. வகை பேட்டையும் லைட்டையும் கேளுங்கள். அப்போது 230 வோல்ட் சார்ஜரோடு நின்றுவிடும், பிள்ளை கையில் 5 வோல்ட்தான் வரும். ஆனால் பாதுகாப்பு முழுவதும் அந்த சார்ஜரின் தரத்தில்தான் இருக்கிறது. அதில் R- என்று தொடங்கும் 8 இலக்க எண்ணோடு பி.ஐ.எஸ். முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். BIS Care செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று தெரியும். பெட்டியில் உள்ள பெயரோடு அது ஒத்துப்போக வேண்டும்.

இப்போதைக்கு, அந்தப் பேட்டைப் பயன்படுத்தாமல் தனியே எடுத்து வையுங்கள். மகளிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள்: முதலில் சுவிட்ச், பிறகு பிளக், பின்னில் விரல் எப்போதும் வேண்டாம்.