முப்பது நாள் எப்போது தொடங்குகிறது?

வங்கிக் கிளைச் சுவரில் புகார்ப் படிநிலை அட்டவணை ஒன்று தொங்கும். முதலில் கிளை மேலாளர், அடுத்து மண்டல நோடல் அதிகாரி, அதற்கு மேல் முதன்மை நோடல் அதிகாரி. ஒவ்வொருவருக்கும் இத்தனை நாள் என்று போட்டிருக்கும். மேலே போகப் போக நாள் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று பலர் நம்பிக் காத்திருக்கிறார்கள். அப்படியல்ல. எழுத்துப்பூர்வமான முதல் புகார் வங்கிக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கவுன்ட்டரில் வாயால் சொன்னது கணக்கில் வராது.

ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் 5,000 ரூபாய் கழிந்துவிட்டது என்று வையுங்கள். 1ஆம் தேதி நடந்தால் 6ஆம் தேதிக்குள் வங்கி தானாகவே திருப்ப வேண்டும். 16ஆம் தேதிதான் வந்ததென்றால், தாமதம் 10 நாள். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 1,000 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி இதற்கு நாம் புகார்கூடச் செய்ய வேண்டியதில்லை. அசலை மட்டும் வரவு வைத்து ‘தீர்க்கப்பட்டது’ என்று புகாரை மூடுவது தவறு.

ஆகவே புகார் எண்ணையும் தேதியையும் முதல் நாளே எழுத்தில் வாங்கிவிடுங்கள். 31ஆம் நாளும் பதில் இல்லையா? கிளைக்கு மறுபடி அலையாதீர்கள், cms.rbi.org.in தளத்தில் பதிவு செய்யுங்கள். கட்டணம் கிடையாது.