கணக்கு ஒன்று, வாசல் மூன்று

போனில் பார்த்தது கணினியில் இல்லை, கணினியில் இருந்தது லைட்டில் இல்லை. ஃபேஸ்புக் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. கூடவே ஒரு சந்தேகமும் வந்துவிடும்: "யாரோ கணக்கை ஹேக் பண்ணிட்டாங்க." பெரும்பாலும் யாரும் எதுவும் செய்திருக்கமாட்டார்கள். கணக்கு ஒன்றுதான். ஆனால் அந்தக் கணக்கின் பெயரில் நாம் செய்வதெல்லாம் ஒரே இடத்தில் சேர்வதில்லை. எது எங்கே சேர்கிறது என்பது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ஃபேஸ்புக்கின் லைட் செயலி 2015 ஜூனில் ஆண்ட்ராய்டுக்கு வந்தது. அப்போது அதன் அளவு ஒரு எம்பிக்கும் குறைவு. 2ஜி இணைப்பிலும் விலை குறைந்த போனிலும் ஓட வேண்டும் என்பதே நோக்கம். அவ்வளவு சின்ன செயலிக்குள் ஃபேஸ்புக்கை எப்படி அடைத்தார்கள்? அடைக்கவில்லை. வேலையின் பெரும்பகுதியை நிறுவனத்தின் சர்வரிலேயே வைத்துக்கொண்டார்கள். முழுச் செயலி சரக்கை வாங்கிவந்து நம் வீட்டு அடுப்பில் சமைக்கிறது என்றால், லைட்டுக்குச் சமையல் வெளியே முடிந்து எடுப்புச் சாப்பாடாக வருகிறது. திரையில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதைக்கூட சர்வரே முடிவுசெய்து அனுப்புகிறது. அதனால்தான் லைட் பழைய போனிலும் மூச்சு வாங்காமல் ஓடுகிறது. சிக்னல் போனதும் லைட்டால் அதிகம் செய்ய முடியாமல் போவதும் அதே காரணத்தால்தான்.

முழுச் செயலி, லைட் இரண்டுக்கும் அடுத்து, பிரவுசர் மூன்றாவது வாசல். அதற்குள்ளும் இரண்டு கதவுகள் உண்டு. போனில் இருக்கும் குரோமில் ஃபேஸ்புக்கைத் திறந்தால் சிறு திரைக்கான பக்கம் வரும். கணினியில் திறந்தால் வருவது பெரிய பக்கம். இரண்டிலும் மெனுக்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

ஓர் உதாரணம். ஒரு தையல்கடைக்கார அம்மா. அவருடைய போனில் ரேம் 2 ஜிபி, அதனால் லைட். நல்ல படம் எடுக்கக் கணவரின் போன். அதிலும் முழுச் செயலியில் தன் கணக்கைத் திறந்து வைத்திருக்கிறார். கடைக்கென்று ஒரு பேஜ் உண்டு. அதை மகன் தன் லேப்டாப்பில், அம்மாவின் கணக்கு வழியாகவே, பிரவுசரில் பார்த்துக்கொள்கிறான். ஒரு காலையில் மூன்று புகார்கள் சேர்ந்து வருகின்றன.

"டேய், நேத்து ராத்திரி எழுதி வச்சதக் காணோம்டா."

"எங்க எழுதுனீங்கம்மா? உங்க போன்லயா, அப்பா போன்லயா?"

மகன் கேட்டது சரியான கேள்வி. முழுச் செயலியில் பாதி எழுதிய பதிவை விட்டு வெளியேறும்போது வரைவாகச் சேமிக்கவா என்று கேட்கும். சரி என்றால் அது அந்தப் போனுக்குள் தங்கும். கணக்கோடு சேர்ந்து ஊர் சுற்றாது. ஆகவே லைட்டில் தேடினாலும் லேப்டாப்பில் தேடினாலும் கிடைக்காது. அப்பா போனைத்தான் எடுக்க வேண்டும். இடையில் அந்தச் செயலியை நீக்கியிருந்தாலோ, அதன் டேட்டாவை அழித்திருந்தாலோ வரைவு போனது போனதுதான். வெளியிட்ட பதிவுக்கு இந்தக் கதி கிடையாது. அது சர்வரில் இருப்பதால் எந்த வாசலில் நுழைந்தாலும் தெரியும்.

இரண்டாவது புகார்தான் அதிகம் பயமுறுத்துவது. பிளவுஸ் அளவு கேட்டு ஒரு வாடிக்கையாளர் அம்மாவின் சொந்தக் கணக்குக்கு எழுதிய செய்திகள் அப்பா போனின் மெசஞ்சரில் இருக்கின்றன. மகனின் லேப்டாப்பில் அவற்றைக் காணோம். ஆனால் பேஜுக்கு வந்த செய்திகள் லேப்டாப்பில் வரிசையாக இருக்கின்றன. ஒன்று வந்து இன்னொன்று வராதது ஏன்? 2023 டிசம்பரிலிருந்து மெசஞ்சரில் தனிமனிதர்களுக்கு இடையிலான செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுகின்றன. அதாவது அவற்றைப் பிரித்துப் படிக்கும் சாவி சர்வரிடம் இல்லை, பயன்படுத்தும் கருவிகளிடம் இருக்கிறது. வணிகப் பேஜுடனான உரையாடல் அந்த ஏற்பாட்டுக்குள் வருவதில்லை. அதனால் அது கடவுச்சொல் போட்டு நுழைந்ததுமே தெரிகிறது. சொந்தச் செய்திகளுக்குக் கடவுச்சொல் போதாது. பழைய உரையாடலைப் புதிய பிரவுசருக்குக் கொண்டுவர ஆறு இலக்க பின் எண்ணைக் கேட்கும். அந்த எண்ணை முன்பு மெசஞ்சர் அமைக்கச் சொன்னபோது பலர் அவசரத்தில் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு மறந்திருப்பார்கள்.

பின் எண் கொடுத்த பிறகும் ஒரு சிக்கல் உண்டு. அந்தச் சாவி பிரவுசரின் சேமிப்பில்தான் இருக்கும். இன்காக்னிட்டோவில் திறந்தாலோ, பிரவுசர் டேட்டாவை மொத்தமாக அழித்தாலோ மறுபடி அதே கேள்வி வரும். பின் எண் மறந்துவிட்டால் செய்திகள் இன்னும் தெரியும் கருவியில், அதாவது அப்பா போனின் மெசஞ்சரில், செய்திச் சேமிப்பு அமைப்புக்குள் போய்ப் புதிய பின் வைக்க வேண்டும். அந்தப் போனும் கையை விட்டுப் போய், பின் எண்ணும் மறந்திருந்தால் பழைய செய்திகளை மீட்க வழி அநேகமாக இல்லை.

மூன்றாவது புகார் எளியது. லேப்டாப்பில் மகன் காட்டிய ஒரு மெனு அம்மாவின் லைட்டில் இல்லை. இங்கே எதுவும் தொலையவில்லை. லைட்டில் அந்தக் கதவை வைக்கவில்லை, அவ்வளவே. பேஜ் நிர்வாகக் கருவிகள் லைட்டில் சுருக்கமாகவே இருக்கும். அப்படிப்பட்ட வேலையைக் கணினிப் பிரவுசரில் முடித்துவிடலாம். அங்கே மாற்றிய அமைப்பு சர்வரில் பதிவாகிவிடும் என்பதால், லைட்டில் அதற்கான மெனு இல்லாவிட்டாலும் மாற்றம் செல்லும். அறிவிப்பு மணி மட்டும் இதற்கு விலக்கு. மணி அடிக்க அனுமதி தருவது அந்தந்தப் போனும் அந்தந்தப் பிரவுசரும்தான். ஓரிடத்தில் அனுமதி மறுத்தால் அந்த இடம் மட்டும் அமைதியாகும்.

இந்த மூன்றில் எது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். ஒரு வாசலில் "நான் மட்டும்" என்று வைத்து ஒரு சின்னப் பதிவு போடுங்கள். மற்ற இரண்டிலும் உங்கள் புரொஃபைலைத் திறந்து பாருங்கள். அது தெரிந்தால் கணக்கு ஒன்றே. காணாமல்போன பொருள் கருவியில் தங்கியது, சாவி கேட்பது, மெனு இல்லாதது என்ற மூன்றில் ஒன்று. தெரியாவிட்டால் நீங்கள் இரண்டு கணக்கு வைத்திருக்கிறீர்கள். போன் எண்ணில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று என்று தெரியாமலே தொடங்கியவர்கள் உண்டு. பிரவுசரில் facebook.com/me என்று தட்டினால் இப்போது எந்தக் கணக்கில் நிற்கிறீர்களோ அந்தப் புரொஃபைல் திறக்கும்.

ஹேக் பயம் இன்னும் தீராதவர்கள் அமைப்புகளில் கடவுச்சொல், பாதுகாப்புப் பகுதிக்குள் Where you're logged in என்ற பட்டியலைத் திறக்கலாம். எந்தெந்தக் கருவியில் கணக்கு திறந்திருக்கிறது என்று அதில் தெரியும். நம் தையல்கடை அம்மாவின் பட்டியலில் இரண்டு போனும் ஒரு லேப்டாப்பும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு வாசலில் லாக் அவுட் செய்தால் மற்றவை தாமாக மூடுவதில்லை என்பதையும் அங்கேதான் பார்க்க முடியும்.

அப்பா அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப் போகிறார் என்றால் பதிவுகளையும் நண்பர் பட்டியலையும் பற்றிக் கவலை வேண்டாம். அவை சர்வரில் பத்திரம். கொடுப்பதற்கு முந்தின நாள் செய்ய வேண்டியவை இரண்டு. வரைவுகளை வெளியிடவோ வேறிடத்தில் படியெடுக்கவோ வேண்டும். மெசஞ்சரின் பின் எண்ணைப் புதுப்பித்து, லேப்டாப்பில் பழைய செய்திகள் வருகின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு லாக் அவுட் செய்து போனைக் கொடுக்கலாம்.